வண்டியை யார் பெயரில் எடுப்பது: கடைப் பெயரிலா, சொந்தப் பெயரிலா?

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் அட்டைப்பெட்டி வியாபாரம் செய்யும் இரண்டு பேருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒருவர் அத்தான், இன்னொருவர் மச்சான். இருவரும் கூட்டாளிகள். காசிமேடு, தண்டையார்பேட்டை என்று பக்கத்திலேயே சரக்கு போய்க்கொண்டிருந்த வரைக்கும் மீன்பாடி வண்டியே போதுமானதாக இருந்தது. மணலி, மாதவரம், செங்குன்றம் என்று ஆர்டர் நீண்ட பிறகு வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசு உறுத்த ஆரம்பித்தது. சொந்தமாகக் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து 2025 ஆகஸ்டில் என்னிடம் வந்தார்கள்.

“சார், என் பேர்ல எடுத்தா லோன் ஒரே நாள்ல கிடைக்குமாம். கடை பேர்ல எடுத்தா வரி மிச்சமாம். எது சரி?” என்றார் அத்தான்.

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கேட்டால், எனக்குத் தெரிந்தவரை சரக்கு வண்டியைக் கடைப் பெயரிலும் காரைச் சொந்தப் பெயரிலும் எடுப்பதுதான் பெரும்பாலான சிறு கூட்டாளிக் கடைகளுக்குப் பொருந்தும். ஆனால் ஏன் என்று தெரியாமல் இதைப் பின்பற்றினால் பாதிக் காசு கை நழுவிப் போகும். அதனால் அவர்கள் கணக்கையே வைத்து, நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. உங்கள் ஆடிட்டர் வேறு எண் சொன்னால் குழம்ப வேண்டாம்.

முதலில்: உங்கள் கடைக்குத் தனியாக பான் எண் இருக்கிறதா?

தனி ஒருவர் நடத்தும் கடையாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. சட்டத்தின் கண்ணில் கடையும் நீங்களும் ஒன்றுதான், பான் எண்ணும் ஒன்றுதான். ஆர்.சி.யில் உங்கள் பெயர்தான் வரும், அதில் தவறும் இல்லை. வண்டி வாங்கும் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லி, வண்டியைக் கடைக் கணக்கில் சொத்தாக ஏற்றிவிட்டால் போதும். வண்டி பழசாகும் மதிப்பைச் செலவாகக் கழிக்கும் தேய்மானம், கடன் வட்டி, வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி வரவு எல்லாமே கிடைக்கும். பெயர்ப்பலகையில் உள்ள கடைப் பெயர் ஆர்.சி.யில் வரவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லாத வருத்தம்.

கூட்டாளிக் கடை, எல்.எல்.பி., பிரைவேட் லிமிடெட் என்றால்தான் இரண்டு பான் எண்கள் வருகின்றன, இரண்டு வரி விகிதங்கள் வருகின்றன, கேள்வியும் வருகிறது. நம் அத்தான், மச்சான் கடை பதிவு செய்த கூட்டாளிக் கடை.

அடுத்து: உங்கள் ரிட்டர்ன் எந்த வகை?

வண்டி பற்றிப் பேசுவதற்கு முன்னால் போன வருட ரிட்டர்னை எடுத்துப் பாருங்கள். விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் என்று லாபத்தை மதிப்பிட்டுக் காட்டும் முறை ஒன்று இருக்கிறது. எல்லோரும் 44ஏடி என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்த முறையில் போகிறவர்களுக்குத் தேய்மானம், கடன் வட்டி எல்லாம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வண்டியை யார் பெயரில் எடுத்தாலும் வருமான வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. “கடைப் பெயரில் எடுத்தால் வரி மிச்சம்” என்று ஷோரூமில் சொல்கிறவருக்கு உங்கள் ரிட்டர்ன் எந்த வகை என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் ஜிஎஸ்டி இதிலிருந்து தனி. 44ஏடியில் ரிட்டர்ன் போடுகிறவரும், சாதாரண முறையில் ஜிஎஸ்டி கட்டுகிறவராக இருந்தால், சரக்கு வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை வரவாக எடுக்கலாம். விற்றுமுதலில் ஒரு சின்னச் சதவீதத்தையே வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவருக்குத்தான் அதுவும் இல்லை. காம்போசிஷன், 44ஏடி இரண்டிலும் இருக்கிறீர்கள் என்றால் வரிக் கணக்கை மறந்துவிட்டு, எந்தப் பெயரில் கடன் மலிவு என்று மட்டும் பாருங்கள். கீழே உள்ள பாதி விஷயம் உங்களுக்குத் தேவைப்படாது.

அத்தான், மச்சான் கடைக்கு முறையான கணக்குப் புத்தகம் உண்டு. மாதா மாதம் ஜிஎஸ்டி கட்டுகிறார்கள்.

இப்போது கணக்கு

வண்டி விலை 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த அறிவிப்பு வந்ததும் மச்சான் வரி குறையும் வரை காத்திருக்கலாம் என்றார். சரிதான், ஆனால் வரவு எடுக்கிறவருக்கு 28 ஆனாலும் 18 ஆனாலும் கட்டியது திரும்பி வந்துவிடும். கொஞ்ச நாள் பணம் முடங்கும் அளவில்தான் வித்தியாசம். வரவு எடுக்க முடியாதவருக்குத்தான் அந்த 60,000 ரூபாய் உண்மையான மிச்சம்.

18 சதவீதம் என்றால் 1,08,000. பதிவு, இன்சூரன்ஸ் நீங்கலாக மொத்தம் 7,08,000. இதில் 5,60,000 கடன், 1,48,000 கைப்பணம்.

கடைப் பெயரில் எடுத்தால் முதல் வருடம் என்ன கிடைக்கும்? ஜிஎஸ்டி 1,08,000 முழுவதும் வரவு. அட்டைப்பெட்டி விற்றதற்குக் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வரவு எடுத்த தொகைக்குத் தேய்மானம் கேட்கக்கூடாது. அதனால் தேய்மானம் 6,00,000 மேல்தான் வரும். சொந்தச் சரக்கை ஏற்றும் வண்டிக்கு 15 சதவீதம், அதாவது 90,000. வாடகைக்கு ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத்தான் 30 சதவீதம். தன் சரக்கை ஏற்றுகிற கடைக்காரர்களில் பலர் தெரியாமல் 30 போட்டுவிட்டுப் பின்னால் நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

கூட்டாளிக் கடைக்கு அடிப்படை விலக்கு எதுவும் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே செஸ் சேர்த்து 31.2 சதவீத வரி. ஆகவே 90,000 தேய்மானத்தால் மிச்சமாகும் வரி 28,080. அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதத்துக் கடன் வட்டி, 11 சதவீதத்தில் ஐந்து வருடத் தவணை என்றால், சுமார் 30,000 வரும். அதில் மிச்சம் 9,360. எல்லாம் சேர்த்து முதல் வருடம் ஏறக்குறைய 1,45,000.

அத்தான் பெயரில் எடுத்தால்? கடையிலிருந்து அவருக்கு வருகிற சம்பளம் வருடம் 6 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். எனவே அவர் பெயரில் தேய்மானம், வட்டி என்று எதைக் கழித்தாலும் குறைவதற்கு வரியே இல்லை. வண்டி தன்னுடையதல்ல என்பதால் கடையும் தேய்மானம் கேட்க முடியாது.

இங்கே ஒரு குறுக்கு வழியை மச்சான் கண்டுபிடித்தார். “அத்தான் வண்டியைக் கடைக்கு வாடகைக்கு விடட்டுமே? மாசம் பத்தாயிரம். கடைக்குச் செலவு, அத்தானுக்கு வரி இல்லை.” புத்திசாலித்தனமான யோசனைதான், சட்டப்படியும் தவறில்லை. வாடகை ஊர் நிலவரத்துக்கு ஒத்துப்போக வேண்டும். உறவினருக்குக் கொடுக்கும் பணம் நியாயமான அளவைத் தாண்டினால் தாண்டியதை வரி அதிகாரி ஒதுக்கிவிடலாம். வருடம் 1,20,000 வாடகை என்றால் கடைக்கு மிச்சமாகும் வரி 37,440. கடைப் பெயரில் இருந்தால் இரண்டாம் வருடம் தேய்மானம் 76,500, வட்டி சுமார் 52,000, மிச்சம் ஏறக்குறைய 40,000. பார்த்தீர்களா, வருமான வரியில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் முழுவதும் அந்த 1,08,000 ஜிஎஸ்டி வரவில்தான் இருக்கிறது. அத்தானுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, அதனால் அது அவர் பெயரில் செத்த காசு.

அதனால் சரக்கு வண்டி கடைப் பெயரில் என்று முடிவானது. கடையின் தொழிலும் கூட்டாளியின் வரி நிலையும் மாறினால் விடையும் மாறும். உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்காமல் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேதியில் ஒரு விஷயம்

புதிதாக வாங்கிய சொத்து அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகத்தில் இருந்தால் தேய்மானம் பாதிதான். மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 3 கடைசி நாள். வீட்டில் எல்லோரும் தீபாவளிக்கு எடுக்கலாம் என்றார்கள். ஷோரூமிலும் தீபாவளிச் சலுகை சொன்னார்கள். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அன்று எடுத்திருந்தால் 90,000 தேய்மானம் 45,000 ஆகியிருக்கும், அந்த வருட வரியில் 14,000 ரூபாய்க்கு மேல் கூடியிருக்கும். நான் ஆயுத பூஜைக்கு எடுங்கள் என்றேன். அந்த வருடம் அது அக்டோபர் 1.

இதில் நுணுக்கம் என்னவென்றால், வாங்கிய நாள் கணக்கல்ல, வேலையில் இறங்கிய நாள்தான் கணக்கு. சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு ஒரு வாரம் வாசலில் நிறுத்தி வைத்தால் அது உபயோகம் ஆகாது. அக்டோபர் 3 அன்று மணலிக்கு ஒரு சின்ன லோடு அனுப்பி, டெலிவரி சலானில் புது வண்டி எண்ணை எழுதி வைக்கச் சொன்னேன். அந்த ஒரு தாள்தான் சாட்சி. விட்டுப்போன பாதித் தேய்மானம் அடியோடு தொலைந்துவிடாது, பின்வரும் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆனால் சிறு கடைக்கு இன்றைய காசுதான் காசு.

கடன் வாங்கும்போது

அத்தான் சொன்னது உண்மைதான், தனி நபர் பெயரில் கடன் சீக்கிரம் கிடைக்கும். சிபில் மதிப்பெண், இரண்டு வருட ரிட்டர்ன், ஆறு மாத வங்கி அறிக்கை இருந்தால் முடிந்தது. கடைப் பெயரில் என்றால் கூட்டாளி ஒப்பந்தம், அதன் பதிவுச் சான்று, கடையின் பான், ஜிஎஸ்டி சான்றிதழ், ஒரு வருட ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள், இரண்டு மூன்று வருட ஐந்தொகை, கடன் வாங்கக் கூட்டாளிகள் இருவரும் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், உத்யம் சான்றிதழ் என்று ஒரு ஃபைல் கேட்பார்கள். இருவரும் ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டும். எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. பாதி நாள் கடைப் பெயரின் எழுத்தாலேயே போனது. பான் அட்டையில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி. உங்கள் கடைப் பெயர் ஒப்பந்தம், பான், ஜிஎஸ்டி, வங்கி நான்கிலும் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டி பார்க்கப் போவதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

கடை புதியது, கணக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது என்றால் வங்கி தயங்கும். அப்போது கூட்டாளியின் பெயருக்கே வண்டியை மாற்றிவிடாமல், கடையை முதல் விண்ணப்பதாரராகவும் கூட்டாளியை இணை விண்ணப்பதாரராகவும் போட முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பில்லும் ஆர்.சி.யும் கடைப் பெயரில் இருந்தால் போதும், வரவு பத்திரமாக இருக்கும்.

வட்டியைப் பற்றி ஷோரூமில் “ஏழு பர்சென்ட்தான் சார்” என்றார்கள். எந்த ஏழு என்று கேட்டேன். ஃபிளாட் ரேட். அதாவது 5,60,000க்கு ஐந்து வருடமும் முழுத் தொகைக்கே 7 சதவீதம். நீங்கள் மாதா மாதம் அசலைக் குறைத்தாலும் வட்டி குறையாது. மொத்த வட்டி 1,96,000, மாதத் தவணை 12,600. குறையும் அசலுக்கு 11 சதவீதம் கேட்ட வங்கியில் தவணை 12,176. அந்த ஏழு சதவீதத்தை விட இந்தப் பதினொன்று மலிவு! சதவீதத்தை ஒப்பிடாதீர்கள், ஒரே கால அளவுக்கு மாதத் தவணையை ஒப்பிடுங்கள். அல்லது கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சிறுதொழில் கடன்களுக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் இருக்கும்.

கடன் யார் பெயரில் என்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. அத்தான் மாதவரத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார். வீட்டுக் கடன் தரும்போது வங்கி அவருடைய மற்ற தவணைகளைக் கழித்துவிட்டுத்தான் எவ்வளவு தரலாம் என்று கணக்கிடும். எட்டரை சதவீதத்தில் இருபது வருடக் கடனுக்கு லட்சத்துக்குச் சுமார் 868 ரூபாய் தவணை. வண்டித் தவணை 12,176 அவர் பெயரில் ஓடினால் கிட்டத்தட்ட 14 லட்சம் வீட்டுக் கடன் குறையும். இதைச் சொன்னதும் அத்தான் மறு பேச்சு பேசவில்லை. கடைப் பெயரில் எடுத்தாலும் ஜாமீன்தாரர் என்று அவர் சிபிலில் அந்தக் கடன் தெரியும். ஆனால் தவணை கடைக் கணக்கிலிருந்து போவதை வங்கி அறிக்கையில் காட்டி, அதைக் கழிக்க வேண்டாம் என்று கேட்க இடம் இருக்கிறது.

பில் போடும் நாள்

இந்த நாளில்தான் எல்லாம் கெட்டுப்போகும். முன்பு எனக்கே நடந்தது ஒன்று. தண்டையார்பேட்டையில் வேறொரு கூட்டாளிக் கடை, இதே மாதிரி சரக்கு வண்டி. முன்பதிவு செய்யப் போன கூட்டாளி தன் ஆதாரைக் கொடுத்திருக்கிறார். ஷோரூமில் அதை வைத்தே பில்லும் போட்டார்கள், பதிவுக்கும் அனுப்பினார்கள். மாதக் கடைசியில், நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான GSTR-2B இறக்கிப் பார்த்தால் அந்தப் பில்லே இல்லை. தனி நபருக்கு விற்றதாக அவர்கள் கணக்கில் போயிருந்தது. ஆர்.சி.யும் தனி நபர் பெயரில் வந்துவிட்டதால் ஷோரூமில் பில்லைத் திருத்த மறுத்துவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் போனது. முன்பதிவு நாளிலேயே நான் கூடப் போகாதது என் தவறு.

ஆகவே முன்பதிவுப் படிவத்திலேயே கடைப் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் எழுதுங்கள். ஆதார் கேட்டால் கையெழுத்திடும் கூட்டாளியின் அடையாளத்துக்கு மட்டும் என்று சொல்லுங்கள். இறுதிப் பில் போடுவதற்கு முன் அதன் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, பெயர், ஜிஎஸ்டி எண், முகவரி மூன்றையும் படித்துப் பாருங்கள். அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குப் பிறகு GSTR-2B பக்கத்தில் அந்தப் பில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அன்றே ஷோரூமுக்குப் போன் போடுங்கள். நாள் ஆக ஆகத் திருத்துவது கடினம்.

கைப்பணம் 1,48,000 பற்றியும் சொல்ல வேண்டும். கடை கல்லாவில் ரொக்கம் இருக்கிறதே என்று அத்தான் கட்டாகக் கொண்டுவந்தார். ஒரு நாளில் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய சொத்தின் விலையில் அந்த ரொக்கப் பகுதி சேராது, அதற்குத் தேய்மானமும் கிடையாது. கடையின் நடப்புக் கணக்கிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ். செய்யச் சொன்னேன். அத்தான் சொந்தக் கணக்கிலிருந்து கொடுத்தாலும் பரவாயில்லை, அதை அவர் கடைக்குப் போட்ட மூலதனமாக எழுத வேண்டும்.

ஆர்.சி., பர்மிட் விஷயத்தில் பெரிய சிக்கல் இல்லை. சரக்கு வண்டி யார் பெயரில் இருந்தாலும் மஞ்சள் போர்டுதான். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குப் பர்மிட் வேண்டாம். எஃப்.சி. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம். கடை முகவரிச் சான்றும் அதிகாரக் கடிதமும் கூடுதலாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்சூரன்ஸில் ஒரு ஓட்டை

இது பலருக்குத் தெரியாது. வண்டி தனி நபர் பெயரில் இருந்தால், உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் 15 லட்சம் கிடைக்கும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு எடுக்க வேண்டும். கடை, நிறுவனம் பெயரில் உள்ள வண்டிக்கு அந்தக் காப்பு கிடையாது. கடைக்கு உயிர் இல்லையே! ஆனால் வண்டியை ஓட்டப் போவது மச்சான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஓட்டுகிறவருக்குக் காப்பு இல்லாமல் விடக்கூடாது. அவர் பெயரில் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுக்க வைத்தேன். சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால் வண்டி பாலிசியிலேயே டிரைவருக்கான பொறுப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைப் பெயரில் இருந்தால் விபத்து வழக்கு வீட்டுச் சொத்து வரை வராது என்று நினைக்கிறார்கள். கூட்டாளிக் கடையில் அது நடக்காது. கடைக் கடனுக்குக் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் எல்.எல்.பி. அல்லது பிரைவேட் லிமிடெட்டாக இருக்க வேண்டும், இன்சூரன்ஸும் ஒரு நாள்கூட விடாமல் இருக்க வேண்டும்.

விற்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியது

கடைப் பெயரில் எடுப்பதன் கசப்பு இங்கேதான் தெரியும். வரவு எடுத்த வண்டியை விற்கும்போது ஜிஎஸ்டி கட்ட வேண்டும். எடுத்த வரவில் காலாண்டுக்கு 5 சதவீதம் கழித்து மீதி எவ்வளவு, விற்ற விலைக்கு வரி எவ்வளவு என்று பார்த்து, எது அதிகமோ அதைக் கட்டவேண்டும். நான்கு வருடம் கழித்து 2,50,000க்கு விற்கிறார்கள் என்று வைப்போம். பதினாறு காலாண்டு முடிந்து வரவில் மீதி 21,600. விற்ற விலைக்கு 18 சதவீதம் 45,000. எனவே 45,000. வாங்குகிறவர் ஜிஎஸ்டி உள்ளவராக இருந்தால் அவர் தனியாகக் கொடுத்து வரவு எடுத்துக்கொள்வார். பழைய வண்டிச் சந்தையில் வருகிறவர் அப்படியெல்லாம் கொடுக்க மாட்டார், விலையில் அடிப்பார். ஆக அந்த 1,08,000 முழு லாபமல்ல, மோசமான நிலையில் நான்கு வருடம் கழித்து 45,000 திரும்பிப் போகும். அப்படியிருந்தும் கடைப் பெயர்தான் மேல்.

விற்றதும் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். ஆர்.சி.யில் பெயர் இருக்கும் வரை விபத்துக்குப் பொறுப்பு அந்தப் பெயருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. கடன் இருந்தால் அதற்கு முன்பு வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வேண்டும்.

மச்சானின் கார்

குட்டி யானை ஓட ஆரம்பித்த இரண்டாவது மாதம் மச்சான் வந்தார். “சார், அதே மாதிரி ஒரு காரையும் கடை பேர்ல போட்டுடலாமா? கஸ்டமரைப் பார்க்கப் போவேன்ல?”

வேண்டாம் தம்பி என்றேன். டிரைவர் உட்பட 13 பேர் வரை உட்காரும் வண்டிக்கு, அதை விற்பதோ வாடகைக்கு விடுவதோ ஓட்டக் கற்றுக்கொடுப்பதோ தொழிலாக இல்லாதவருக்கு, ஜிஎஸ்டி வரவு கிடையாது. பழுது பார்த்த செலவுக்கும் இன்சூரன்ஸுக்கும்கூடக் கிடையாது. சரக்கு வண்டியில் விடையைத் தீர்மானித்த அந்தப் பெரிய தொகையே இங்கே இல்லை. மிஞ்சுவது தேய்மானமும் வட்டியும். 9,44,000 ரூபாய் காருக்கு முழு வருடத் தேய்மானம் 15 சதவீதம் 1,41,600. ஆனால் அந்தக் காரில்தான் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும், திருத்தணிக்குக் குடும்பமும் போகும். சொந்த உபயோகப் பங்கை ஒதுக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் கழிக்க முடிவது 70,800, மிச்சமாகும் வரி 22,000 சொச்சம், அதுவும் வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகும். இதற்காகக் காரைக் கடைச் சொத்தாக்கினால், நாளைக்கு அத்தானுக்கும் மச்சானுக்கும் மனஸ்தாபம் வந்தால் கார் யாருடையது என்ற பஞ்சாயத்து வரும். விற்கும்போது ஜிஎஸ்டிக் கணக்கு வேறு பார்க்க வேண்டும். சொந்தக் காரை லாபத்துக்கே விற்றாலும் வரி இல்லை.

அதற்குப் பதிலாகக் கார் மச்சான் பெயரில் இருக்கட்டும். கடை வேலைக்குப் போன அன்றைக்குத் தேதி, எங்கே, யாரைப் பார்க்க, எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். கடை அந்தப் பெட்ரோலுக்கான பணத்தை வங்கி வழியாக அவருக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். இதற்குக் கூட்டாளி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். அவசரத்துக்கு அட்டைப்பெட்டிக் கட்டுகளை அந்தக் காரின் டிக்கியில் ஏற்றக் கூடாது. தனியார் கார் பாலிசியில் சாம்பிளும் சொந்த மூட்டை முடிச்சும் தவிர வேறு சரக்கு ஏற்றினால் காப்பு இல்லை என்று அச்சடித்தே இருக்கிறது. மச்சான் பாலிசியைப் பிரித்து அந்த வரியைத் தேடிப் படித்தார். “நாலே நாலு பெட்டி சாம்பிள்னு சொல்லலாமா சார்?” என்று கேட்டார். நாலு பெட்டி சாம்பிள்தான், நாற்பது பெட்டி சரக்கு என்றேன்.